வெட்கம், அவமானம், பெருமை: உணர்ச்சிச் சொற்களின் பொருளெல்லையும் நிகர்ச்சொல் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தின் ஷேம், எம்பரஸ்மென்ட், ப்ரைட் ஆகிய மூன்று சொற்களுக்குத் தமிழ் நிகர்ச்சொல் தேடும்போது நேரும் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது. நிகர்மையைத் தனிச்சொல்லில் தேடுவதைவிட அச்சொல் ஏற்கும் எச்சத்திலும் வேற்றுமையிலும் தேடுவதே பயன் தரும் என்பது இதன் கருதுகோள். நாண், வெட்கம், கூச்சம், அவமானம், மானம், பெருமை ஆகிய சொற்கள் தொடரமைப்பு நோக்கில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உணர்ச்சிச் சொற்கள், பொருளெல்லை, நாண், வெட்கம், மானம், மொழிபெயர்ப்பு

சிக்கலின் இயல்பு

ஷேம் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வெட்கம் என்று பொருள் எழுதுவது இருமொழி அகராதிகளில் நெடுநாளாக உள்ள வழக்கம். அது பிழையன்று, ஆயின் அரைகுறையானது. வெட்கங்கெட்டவன் என்னும்போது அச்சொல் ஷேம் என்பதோடு சரியாகப் பொருந்துகிறது. பெண்பார்க்க வந்தவர் முன் நின்ற பெண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது என்னும்போது ஆங்கிலச் சொல் முற்றிலும் விலகிவிடுகிறது. அப்பெண்ணிடம் குற்றமுமில்லை, இழிவுமில்லை. சொல்லப்போனால் ஓர் இனிமையே உள்ளது. துன்ப உணர்ச்சியையும் இன்பம் கலந்த உணர்ச்சியையும் தமிழ் ஒரே சொல்லால் சுட்ட, ஆங்கிலம் அவற்றை இருவேறு சொற்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது.

இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் சூழலை நோக்கி ஒருவாறு சமாளித்துவிடுவர். சூழலே இல்லாத இடங்களில்தான் இடர் மிகுகிறது. உளவியல் வினாநிரல் அத்தகையது. அங்கே ஓர் ஒற்றை வரி, அதற்கு எதிரே சில கட்டங்கள் என்பதே அமைப்பு. எனக்கு அடிக்கடி வெட்கமாக இருக்கும் என்ற வரியைப் படிக்கும் தமிழர், தாம் கூச்ச சுபாவம் உடையவரா என்று வினவப்படுவதாகவே பெரும்பாலும் கொள்வர். வினாவை அமைத்தவர் அளக்க விரும்பியதோ தன்னைத் தானே இழிவாக எண்ணும் நிலையை.

இத்தகைய பிழைகளைக் களைய ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் முறைப்படுத்திய மீள்மொழிபெயர்ப்பு இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. தமிழாக்கத்தை வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்க, அதனை மூலத்தோடு ஒப்பிடுவர். உணர்ச்சிச் சொற்களைப் பொறுத்தவரை இம்முறை ஏமாற்றக்கூடியது. ஷேம் என்பது வெட்கமாகும். அகராதி வழக்கில் பழகிய இரண்டாமவர் வெட்கத்தை மீண்டும் ஷேம் என்றே எழுதுவார். இரு ஆங்கில வடிவங்களும் ஒத்துப்போகும். இடையில் நின்ற தமிழ்ச்சொல் வேறொன்றைச் சுட்டியது எவர் கண்ணிலும் படாது. சோதனை வெற்றி பெற்றதாகத் தோன்றுவதே அதன் தோல்வி.

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. உணர்ச்சிப் பெயர்களை மாந்தர் அனைவர்க்கும் பொதுவான அளவுகோலாகக் கொள்ளலாகாது என அன்னா வியர்ஸ்பிக்கா தொடர்ந்து வாதிட்டு வந்துள்ளார். உஷா மேனனும் ரிச்சர்ட் ஷ்வெடரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், நாக்கை நீட்டி நிற்கும் காளியின் உருவத்தை ஒடிசா மக்கள் லஜ்ஜை என்று விளக்குவதை ஆராய்ந்தனர். கோபம், மகிழ்ச்சி, லஜ்ஜை ஆகிய மூன்றில் எது தனித்து நிற்பது என்ற வினாவுக்கு அமெரிக்கர் மகிழ்ச்சியைப் பிரித்தெடுப்பர். ஏனைய இரண்டும் அவர்க்குத் துன்பமானவை. ஒடிசாவினரோ கோபத்தைப் பிரித்தெடுப்பர். கோபம் உறவைக் குலைப்பது, லஜ்ஜை அதனைக் காப்பது என்பது அவர்தம் கணிப்பு. தமிழின் நாண் என்னும் சொல்லை அறிந்தோர்க்கு இதில் வியப்பு இராது.

நாண் என்னும் சொல்லின் வரலாறு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் எண்வகை மெய்ப்பாடுகளுள் நாண் இல்லை. அது வேறாகத் தொகுக்கப்பட்ட முப்பத்திரண்டனுள் நாணுதல் என இடம்பெறுகிறது. எண்வகையுள் உள்ள இளிவரலை ஷேம் என்பதோடு இணைக்க ஒருவர்க்குத் தோன்றலாம். ஆனால் இளிவரலின் நிலைக்களங்களாகச் சொல்லப்படுபவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. இவற்றுள் ஒன்றேனும் ஒருவர் செய்த தவறு அன்று. தாழ்ந்த நிலைக்கு ஆளாதலே இளிவரல். தவறிழைத்தவனின் உள்ளத்துறுத்தல் அதனுள் அடங்காது.

நாண் என்பது திருக்குறளில் மூன்று இடங்களில் மூன்று முகங்களோடு நிற்கிறது. நாணுடைமை 102ஆம் அதிகாரம். நாணுத்துறவுரைத்தல் 114ஆம் அதிகாரம். இவற்றின் வேறாக மானம் 97ஆம் அதிகாரம். நாணுடைமையின் முதற்குறளிலேயே வள்ளுவர், தகாத செயல் காரணமாக நாணுதலையும் மகளிர்க்குரிய நாணத்தையும் வேறு பிரித்துவிடுகிறார். ஒரு சொல்லுக்குள் இரு பொருள் கிடப்பதை உணர்ந்து அதனைத் தெளிவாக வகுத்துச் சொன்ன பழைய சான்று இது. இன்றைய பொருண்மையியலார் செய்வதும் இதுவே.

இங்கு நோக்கத்தக்க ஓர் இலக்கணக் கூறு உண்டு. பழந்தமிழில் நாணு என்னும் வினை செயப்படுபொருள் கொண்டு நடந்தது. பழி நாணுதல் என்ற வழக்கில் பழி இன்னும் நேரவில்லை. நேரக்கூடாது என்று உள்ளம் ஒடுங்குவதே நாணுதல். எனவே அது செயலுக்கு முன் நின்று தடுப்பது. வள்ளுவர் அதனை வேலியாகக் காண்பது இதனால் பொருத்தமுடையதாகிறது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருது புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததைப் புறநானூற்றின் 65ஆம் பாட்டுப் பேசும்போது, அங்கும் நாணுக்குப் புறப்புண்ணே செயப்படுபொருள். ஆனால் அது நேர்ந்துவிட்டது. ஆக, வருவதை நோக்கிய நாணும் வந்ததை நோக்கிய நாணும் ஒரே தொடரமைப்பால் உணர்த்தப்பட்டன. வேறுபாட்டைச் சூழலே காட்டியது.

(நாண் என்பது கயிற்றையும் குறிக்கும். அகத்தில் நாண் இல்லாதவரின் நடமாட்டத்தை நாணால் ஆட்டப்படும் மரப்பாவையோடு ஒப்பிட்டு அவ்வதிகாரத்தை முடிக்கும் வள்ளுவரின் குறும்பை, எந்த நிகர்ச்சொல்லாலும் வேறுமொழிக்குக் கொண்டுசெல்ல இயலாது.)

இக்காலத்தில் நாணம் என்னும் பெயர்ச்சொல் பெரிதும் சுருங்கிவிட்டது. நாணத்தால் முகம் சிவந்தது என்றால் இன்று ஒரு பொருள்தான். ஆனால் நாணித் தலைகுனிந்தான் என்ற வினைவடிவில் பழைய அறப்பொருள் எழுத்து வழக்கில் எஞ்சியுள்ளது. ஒரே வேரின் பெயரும் வினையும் இவ்வாறு பிரிந்து நிற்பதை நிகர்ச்சொல் தேடுவோர் மறத்தலாகாது. நாணம் விட்ட இடத்தை வெட்கம் நிரப்பியது. அதனோடு நாணின் இருபொருள் தன்மையும் வெட்கத்திற்கு வந்து சேர்ந்தது.

எச்சங்கள் காட்டும் எல்லை

பழந்தமிழில் சூழலே காட்டிய வேறுபாட்டை இக்காலத் தமிழ் தொடரமைப்பால் காட்டுகிறது. பின்வரும் இரண்டையும் ஒப்பிடலாம்: அவன் மேடையில் பேச வெட்கப்படுகிறான், அவன் மேடையில் அப்படிப் பேசியதற்காக வெட்கப்படுகிறான். முன்னதில் வெட்கப்படு என்பது செயவென் எச்சத்தை ஏற்றுள்ளது. செயல் இன்னும் நிகழவில்லை. பிறர் பார்வை படும் என்ற தயக்கமே உணர்ச்சி. பின்னதில் இறந்தகால வினையாலமைந்த பெயர் நான்காம் வேற்றுமையோடு வந்துள்ளது. செயல் முடிந்தது, அதனைத் தவறென மதிப்பிட்டு உள்ளம் நொந்தது. சொல் ஒன்றே; எச்சம் மாறப் பொருள் மாறுகிறது. முன்னது ஆங்கிலத்தின் ஷைனெஸ், பின்னதே ஷேம்.

இதே உரைகல்லில் பிற சொற்களையும் தேய்த்துப் பார்க்கலாம். கடன் கேட்கக் கூச்சப்படுகிறான் என்பது இயல்பான தொடர். கடன் கேட்டதற்காகக் கூச்சப்படுகிறான் என்பது காதுக்கு ஒவ்வவில்லை. அதாவது, கூச்சம் செயலுக்கு முன் நிற்கும் உணர்ச்சி. முடிந்துபோன தவற்றை எடைபோடுவது அதன் வேலையன்று. இதற்கு அச்சொல்லின் வேரும் துணைநிற்கிறது. வெயிலில் கண் கூசுகிறது. புளிப்பில் பல் கூசுகிறது. பிறர் விரல் பட உடல் கூசுகிறது. மிகையான ஒன்று நெருங்கும்போது புலன் பின்வாங்குவதே கூசுதல். அதுவே உள்ளத்திற்கும் ஆயிற்று. நாக்கூசாமல் பொய் சொல்கிறான் என்பதில் அறப்பொருள் தோன்றுவது உண்மையே. ஆயினும் அங்கும் கூசுதல், பொய்க்கு முன் நாவைத் தடுத்திருக்க வேண்டிய ஒன்றாகவே எண்ணப்படுகிறது.

அவமானம் இதற்கு மறுதலை. கடன் கேட்டு அவமானப்பட்டான் என்பது செய்தென் எச்சம் ஏற்ற தொடர்; கேட்டான், அதன் விளைவாகப் பிறரால் தாழ்த்தப்பட்டான் என்பது பொருள். ஏனெனில் அவமானம் முதலில் ஒரு நிகழ்ச்சியின் பெயர். அதன் பின்னரே ஓர் உணர்ச்சியின் பெயர். வடமொழியில் அச்சொல்லின் பொருள் அவமதிப்பு என்பதே. அவமானப்படுத்து என்னும் பிறவினை இயல்பாக அமைவதும் இதனாலேதான். வெட்கப்படுத்து என்பதும் வழங்குகிறது. ஆனால் அது பெரும்பாலும் கேலி செய்து முகம் சிவக்கவைப்பதையே குறிக்கும். கூச்சப்படுத்து என்பதும் அதன் பக்கத்தில் நிற்பதே. ஒரு குற்றமும் செய்யாத ஊழியரை மேலதிகாரி பலர்முன் ஏசினால் ஊழியர் அடைவது அவமானம். அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியவர் அதிகாரியே என்று நாம் சொல்வோம். ஆங்கிலத்தில் இவ்வூழியரின் நிலை ஹியூமிலியேஷன் என்பதற்கு உரியது. எனவே ஷேம் என்பதற்கு அவமானம் என்று எழுதுபவர், குற்றத்தைத் தம்மையறியாமலே வேறொருவர்மேல் ஏற்றிவிடுகிறார்.

எம்பரஸ்மென்ட் என்பதற்குத் தனிச்சொல் ஒன்றைத் தமிழில் தேடுவது பயனற்றது என்பது என் கருத்து. அதன் பரப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. விருந்தினர் முன் தந்தை தன்னை மிகையாகப் புகழும்போது மகளுக்கு உண்டாவது கூச்சம். நண்பர்கள் இருவர் தன் கண்முன்னே சண்டையிட, யார் பக்கமும் பேச முடியாமல் இருப்பவருக்கு உண்டாவது சங்கடம். அங்கே அவருடைய குறை எதுவும் வெளிப்படவில்லை. பேருந்தில் வேறொருவரைத் தெரிந்தவர் என்று நினைத்து அழைத்துவிட்டவர் செய்வதோ அசடு வழிதல். இம்மூன்றாவது தமிழின் சிறப்பான கண்டுபிடிப்பு என்பேன். அது உணர்ச்சிக்குப் பெயர் வைக்காமல், அவ்வுணர்ச்சி முகத்தில் இளிப்பாக வழிவதைச் சொல்கிறது. அகராதிகளில் எம்பரஸ்மென்ட் என்ற பதிவின்கீழ் இதனைக் காண்பது அரிது. ஏனெனில் அகராதியார் பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல்லே தேடுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டு

இம்முறையின் பயனைக் காண, இக்கட்டுரைக்கென அமைத்த ஒரு சிறு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். நகரத்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனைக் காணக் கிராமத்திலிருந்து தந்தை வருகிறார். பழைய வேட்டி, கையில் துணிப்பை. நண்பர்கள் யாரென்று கேட்க, ஊர்க்காரர் என்று சொல்லிவிடுகிறான். தந்தையின் காதில் அது விழுகிறது. அன்றிரவு அவன் உறங்கவில்லை. இதனை எழுதும் ஆங்கில ஆசிரியர், பகலில் அவன் தந்தையைக் குறித்து அஷேம்ட் ஆனான் என்றும், இரவில் தன்னைக் குறித்து அஷேம்ட் ஆனான் என்றும் ஒரே சொல்லை இருமுறை ஆள்கிறார் எனக் கொள்வோம். அச்சொல் மீண்டும் வருவதில்தான் அப்பகுதியின் ஆற்றல் உள்ளது.

பகல் நிகழ்வுக்கு அவமானம் என்ற சொல்லைப் பெய்தால், அப்பாவால் அவனுக்கு அவமானமாக இருந்தது என்றாகும். தந்தை ஏதோ தகாதது செய்துவிட்டார் என்ற குறிப்பு உடனே ஏறிவிடும். அப்பாவை நினைத்து வெட்கமாக இருந்தது என்பது சற்று மேல். எனினும் நினைத்து என்பதும் முடிந்த ஒன்றின்மீது செய்யும் மதிப்பீட்டை உணர்த்துவதால், தந்தை குடித்துவிட்டு வீழ்ந்து கிடந்தவர் போன்ற எண்ணத்தைத் தரக்கூடும். இங்கே உண்மையில் நிகழ்ந்தது என்ன? அவன் ஒரு சொல்லைச் சொல்லத் தயங்கினான். எனவே, அவரை அப்பா என்று சொல்ல வெட்கப்பட்டான் என்று செயவென் எச்சத்தோடு எழுதினால் குறை தந்தையிடமிருந்து நீங்கி மகனிடம் வந்துவிடுகிறது.

இரவுக்கு, அப்படி வெட்கப்பட்டதற்காக வெட்கப்பட்டான் என்று எழுதலாம். சொல் மீண்டது, பொருளும் பிறழவில்லை, எச்சமும் வேற்றுமையும் வேறுபாட்டைத் தாங்கிக்கொண்டன. பகலில் கூச்சம், இரவில் குற்ற உணர்வு என்று இரு சொற்களாகப் பிரித்திருந்தால் பொருள் துல்லியப்பட்டிருக்கும். ஆசிரியர் நாடிய எதிரொலி அழிந்திருக்கும். குற்ற உணர்வு என்ற புதுவழக்கு இங்கே இன்னொரு வகையிலும் பொருந்தாது. ஹெலன் பிளாக் லூயிஸ் 1971இல் காட்டியவாறு, கில்ட் செய்த செயலைக் குறைகூறுவது. ஷேம் செய்த தன்னையே குறைகூறுவது. மாணவன் உறங்காமைக்குக் காரணம் அவன் சொன்ன பொய் மட்டுமன்று, அப்படிச் சொல்லக்கூடியவன் தான் என்று கண்டுகொண்டமை. அதனை அழுத்த வேண்டுமாயின், தன்னை நினைக்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது எனலாம். தந்தையின் நிலைக்கு மட்டும் அவமானம் முழுதும் பொருந்தும். அவரோ அச்சொல்லைச் சொல்லாமலே பேருந்தேறியிருப்பார்.

வினாநிரலுக்கும் இதுவே வழி. எனக்கு அடிக்கடி வெட்கமாக இருக்கும் என்பதை விடுத்து, நான் செய்தவற்றை எண்ணி வெட்கப்படுகிறேன், என்னை நினைத்தாலே எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று தொடரை முடித்துக் கொடுத்தால் கூச்ச சுபாவப் பொருள் நுழைய இடமிராது. தொடர் நீள்வதைக் குறையாகக் கருதுவோர் உண்டு; அளக்கப்படுவது மாறிவிடுவதைக் காட்டிலும் அது சிறிய குறையே.

பெருமையின் பக்கம்

ப்ரைட் என்னும் சொல்லில் நேர்வது வேறு வகைச் சிக்கல். அங்கே ஒரு சொல்லுள் உவப்பு, செருக்கு, தன்மதிப்பு ஆகிய மூன்றும் உள்ளன. தமிழ் அவற்றைப் பெரும்பாலும் தனித்தனியே வைத்துள்ளது. எனவே இருபொருளைத் தவிர்ப்பதைவிட எதனைத் தேர்வது என்பதே வினா.

பெருமை என்பது அடிப்படையில் உணர்ச்சியின் பெயரன்று, தன்மையின் பெயர். ஊரின் பெருமை என்னும்போது உணர்பவர் எவரும் இல்லை. அது உணர்ச்சியாக வேண்டுமாயின் பெருமைப்படு, பெருமையாக இரு என வினையை நாடவேண்டும். அப்போதும் அது செயவென் எச்சத்தை எளிதில் ஏற்பதில்லை; சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறேன் என ஏழாம் வேற்றுமையையே விரும்புகிறது. முன்னர்க் கண்ட உரைகல் இங்கே உதவாது. வேறொரு வினா உதவும்: யாருடைய செயல் குறித்து? மகள் பட்டம் பெற்றாள், எனக்குப் பெருமையாக இருக்கிறது என்பது இயல்பு. நானே வீடு கட்டினேன், எனக்குப் பெருமையாக இருக்கிறது என்றால் கேட்பவர் சற்று முகம் சுளிப்பர். அவ்விடத்தில் தமிழர் நிறைவாக இருக்கிறது என்பர். ஒரு மொழிபெயர்ப்பில் பாத்திரம் ஒன்று தன் உழைப்பைப் பற்றிப் பெருமைப்படுவதாக வந்தால், மூலத்தில் இல்லாத தற்பெருமை அதற்கு ஒட்டிக்கொள்வது இதனாலேயே.

பிள்ளையைப் பற்றிய இடத்திலும் பெருமையே எப்போதும் நிகர் என்பதில்லை. மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாயின் உணர்ச்சியை 69ஆம் குறள் உவத்தல் என்னும் சொல்லாலேயே சொல்கிறது. இன்றைய வழக்கில் பூரிப்பு அதற்கு அணுக்கமானது. பெருமிதம் என்பதை அங்கே இடுவோர், தொல்காப்பியம் அதற்குக் காட்டும் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்ற நிலைக்களங்களை ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம். பேராசிரியர் அதனை வீரத்தோடு இணைத்து விளக்கினார். இன்று பெருமிதம் மேடைத் தமிழில் பெருமையின் மெருகேறிய வடிவமாகிவிட்டது. அதனைத் தடுக்க இயலாது.

செருக்கு, கர்வம், இறுமாப்பு, தலைக்கனம் ஆகியவற்றை எளிதில் கடக்கலாம். அவை பிறரைப் பற்றியே பெரிதும் பேசப்படுவன. கர்வத்தோடு சொல்கிறேன் என்று தன்மையிடத்தில் நல்ல பொருளில் வழங்குவது புதிய போக்கு.

மூன்றாவது பொருளில்தான் பெரும்பிழை நேர்கிறது. உதவி கேட்க இயலாத அளவு ப்ரௌட் ஆனவர் என்று ஆங்கிலத்தில் வருவதைக் கர்வம் பிடித்தவர் என்று தமிழாக்கினால் ஆள் மாறிவிடுகிறார். அவர் மானமுள்ளவர்; பேச்சு வழக்கில் மானஸ்தர். சற்றுக் குறைகூறும் தொனி வேண்டின், உதவி கேட்கக் கௌரவம் பார்க்கிறார். மானம் என்னும் சொல்லின் பயணமும் இங்கே கருதத்தக்கது. சமண மரபில் மானம் சினம், மாயை, உலோபம் ஆகியவற்றோடு எண்ணப்படும் கசாயங்களுள் ஒன்று. அங்கே அதன் பொருள் இறுமாப்பு. பாலி நூல்களிலும் அது களையவேண்டிய குற்றமே. தமிழில் அதே சொல் இளிவு வந்தபின் உயிர்வாழாதவரின் உயர்பண்பாக ஓர் அதிகாரத்தையே பெற்றது. ஆங்கிலத்தின் ஒரு சொல்லுள் உடனுறையும் இரு பொருள்களும் இங்கே ஒரே சொல்லின் இருவேறு மரபுகளாகப் பிரிந்து நிற்கின்றன. ஆகவே சமணச் சார்புடைய பகுதிகளைப் பதிப்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் மானம் என்ற சொல்லைக் காணும்போது, அது எவற்றோடு சேர்த்து எண்ணப்படுகிறது என்பதை முதலில் நோக்கவேண்டும். சினத்தோடும் மாயையோடும் அடுக்கி வருமாயின் அது களைய வேண்டிய இறுமாப்பு. இளிவோடும் உயிரோடும் எதிர்நிறுத்தி வருமாயின் அது போற்றும் மானம்.